மூலிகைப் பற்பசைப் பெட்டிகளைத் திறப்பதற்கு முன்: பினாங்கிலுள்ள ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குத் திறந்த மடல்

சங்கத் தலைவர் அவர்களுக்கும், செயலவை உறுப்பினர்களுக்கும், பாலர் வகுப்பு ஆசிரியைகளுக்கும் வணக்கம்.

பள்ளியின் பெயரை நான் எழுதவில்லை. உங்களுக்கு அது தெரியும், மற்றவர்களுக்கு அவசியமில்லை. இதே முடிவை எடுக்கலாமா என்று பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் வேறு சில பள்ளிகள் யோசித்துக்கொண்டிருக்கின்றன என்று கேள்விப்பட்டதால்தான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

நான் பள்ளிப் பல் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஜார்ஜ்டவுனில் உள்ள பல் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துவிட்டு, வட்டாரப் பள்ளிகளுக்குக் கருவிப் பெட்டியோடு போய் வந்தவள். உங்களில் சிலர் என் நாற்காலியில் வாயை இறுக்க மூடிக்கொண்டு அழுதிருப்பீர்கள். "மிசி, ஊசி போடாதீங்க" என்று கெஞ்சியவர்களும் இன்று செயலவையில் இருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

பாலர் வகுப்புப் பிள்ளைகள் பசியாறிய பிறகு பல் துலக்குவதற்கு இதுவரை பயன்படுத்திய பற்பசையை நிறுத்திவிட்டு, ஃபுளோரைடு இல்லாத மூலிகைப் பற்பசையைக் கொடுப்பது என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். பெட்டிகளும் வந்து சேர்ந்துவிட்டன. பெற்றோர் புலனக் குழுவில் வந்த அறிவிப்பில் இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டிருந்தன. ஒன்று, வேம்பும் கிராம்பும் பல்லைக் கெடுக்கும் கிருமிகளைக் கொல்லும். இரண்டு, ஃபுளோரைடு ஒரு நச்சு, பிள்ளைகள் அதை விழுங்கிவிடுவார்கள். இரண்டிலும் ஒரு பாதி உண்மை இருக்கிறது. அதனாலேயே இவற்றுக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் இடம் தேவைப்படுகிறது.

முதலில் கிருமிக் கதை. வேப்பிலைச் சாற்றை ஆய்வுக்கூடத் தட்டில் விட்டால் சொத்தையோடு தொடர்புள்ள பாக்டீரியாக்கள் வளராமல் தடுக்கப்படுகின்றன. கிராம்பு எண்ணெயும் அப்படித்தான். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் தட்டில் சாறு மணிக்கணக்காக நிற்கிறது. பிள்ளையின் வாயிலோ பற்பசை இரண்டு நிமிடம் இருந்துவிட்டுத் துப்பப்படுகிறது. மிச்சமிருக்கும் கிருமிகள் சில மணி நேரத்திலேயே மறுபடி பெருகிவிடும். வாயைக் கிருமியே இல்லாத இடமாக்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை.

சொத்தை எப்படி உண்டாகிறது என்பதைப் பார்த்தால் ஏன் என்று புரியும். பிள்ளை மைலோ குடிக்கிறது, பிஸ்கட் சாப்பிடுகிறது. பல்லின் மேல் படிந்திருக்கும் வழுவழுப்பான படலத்தில் உள்ள பாக்டீரியாக்கள் அந்தச் சீனியைத் தின்று அமிலத்தை விடுகின்றன. அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் அளவு ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கியதும், பல்லின் மேலோடான எனாமலில் இருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்கும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் எச்சில் அந்த அமிலத்தைத் தணித்துவிடும். அப்போது கரைந்த தாதுக்களில் ஒரு பகுதி பல்லுக்குள் திரும்பிப் போகும். ஒவ்வொரு முறை இனிப்புச் சாப்பிடும்போதும் இந்த வரவு செலவு நடக்கிறது. செலவு வரவை மிஞ்சிக்கொண்டே போனால், மாதக்கணக்கில் கழித்து மேலோடு உள்ளே இடிந்து குழி விழுகிறது. அந்தக் குழியைத்தான் நாம் சொத்தை என்கிறோம்.

ஃபுளோரைடு வேலை செய்வது வரவுப் பக்கத்தில். எச்சிலிலும் அந்தப் படலத்திலும் மிகச் சிறிய அளவு ஃபுளோரைடு இருந்தாலே, வெளியே போன கால்சியமும் பாஸ்பேட்டும் வேகமாகப் பல்லுக்குத் திரும்புகின்றன. திரும்பி வந்து கட்டப்படும் படிகம் பழையதைவிட உறுதியானது. அதைக் கரைக்க பிஎச் 4.5 அளவுக்கு இறங்க வேண்டியிருக்கும். முன்பெல்லாம் ஃபுளோரைடு உடலுக்குள் போய், பல் உருவாகும்போதே அதில் கலந்து காப்பாற்றுகிறது என்று நினைத்தார்கள். பெரும்பகுதி வேலை வெளியிலிருந்துதான், பல்லின் மேற்பரப்பில்தான் நடக்கிறது என்பது பிறகு தெளிவானது. அதனால்தான் விழுங்கத் தேவையே இல்லாத பற்பசை இவ்வளவு பயன் தருகிறது. வேம்போ கிராம்போ கருவேலம்பட்டையோ இந்தத் தாதுக் கணக்கில் கை வைப்பதில்லை.

சரி, இதெல்லாம் ஏட்டுக் கணக்கு, உண்மையான பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தார்களா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

சோதித்தார்கள், ஏராளமாக. மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2003-இல் 70-க்கும் மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்து வெளியிட்டது. குழந்தைகளையும் பதின்ம வயதினரையும் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஃபுளோரைடு உள்ள பற்பசை, இன்னொரு குழுவுக்கு அதே போன்ற ஆனால் ஃபுளோரைடு இல்லாத பற்பசை கொடுத்து, பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துச் சொத்தையை எண்ணிய சோதனைகள் அவை. ஃபுளோரைடு குழுவில் புதிய சொத்தை சராசரியாக 24 விழுக்காடு குறைந்திருந்தது. அதாவது, ஃபுளோரைடு இல்லாமல் துலக்கும் ஒரு பிள்ளைக்கு மூன்று ஆண்டுகளில் நான்கு பல் பரப்புகள் சொத்தையாகும் என்றால், ஃபுளோரைடோடு துலக்கும் பிள்ளைக்கு ஏறக்குறைய மூன்று ஆகும். குழாய்நீரில் ஏற்கெனவே ஃபுளோரைடு சேர்த்த ஊர்களிலும் இந்தப் பயன் குறையவில்லை. மலேசியாவில் இருக்கும் நமக்கு இது முக்கியம். 1957-இல் ஜொகூரில் தொடங்கி, 1972-இல் நாடு தழுவிய கொள்கையாகி, இன்று லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்ற அளவில் நீரில் ஃபுளோரைடு சேர்ப்பது நம் வழக்கம். நீரில் இருக்கிறதே, பற்பசையில் வேறு எதற்கு என்று உங்கள் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். அதற்குப் பதில் இதுதான். இன்னொன்றும் உண்டு. வீட்டு வாசலுக்கு வந்து விற்கிறார்களே, ஆர்.ஓ. நீர் வடிகட்டி, அது நீரில் உள்ள ஃபுளோரைடின் பெரும்பகுதியை எடுத்துவிடும். சாதாரணக் கரி வடிகட்டி எடுக்காது. ஆர்.ஓ. நீரையே குடித்து வளரும் பிள்ளைக்குப் பற்பசையில் கிடைப்பதுதான் பெரும்பாலும் மிச்சம்.

நான்கு மூன்றாவது அப்படி என்ன பெரிய விஷயம் என்று நினைக்கலாம். முழுக் கவசம் என்று நானும் சொல்லவில்லை. தூங்கும்போது பால் போத்தலை வாயில் வைத்திருக்கும் பிள்ளையை எந்தப் பற்பசையும் காப்பாற்றாது. ஆனால் நம் நாட்டில் 2015-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 71 பேருக்குச் சொத்தை இருந்தது. அவ்வளவு சொத்தை இருக்கும் இடத்தில் கால் பங்கு குறைவது என்றால், ஒரு வகுப்பில் எத்தனை இரவுகள் பல்வலியில் கழியாமல் தப்பும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி மூலிகைப் பற்பசை. அதையும் ஆராய்ந்திருக்கிறார்கள், முக்கியமாக இந்தியாவில். "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று பெட்டியில் போட்டிருப்பது பொய்யில்லாமலே இருக்கலாம். எதை நிரூபித்தார்கள் என்றுதான் பார்க்க வேண்டும். அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சில வாரங்கள் நடந்தவை. அவற்றில் அளந்தது பல்லில் படியும் படலத்தையும் ஈறு வீங்கி ரத்தம் கசிவதையும். இன்னும் சிலவற்றில் எச்சிலில் உள்ள கிருமிகளை எண்ணினார்கள். ஈறு விஷயத்தில் மூலிகைப் பற்பசை சாதாரணப் பற்பசைக்கு இணையாக வந்த ஆய்வுகள் உண்டு. அதை நான் ஏற்றுக்கொள்கிறேன், ஈறு கசியும் பெரியவர்கள் விரும்பினால் பயன்படுத்தட்டும். ஆனால் சொத்தை ஒரு மாதத்தில் வருவதில்லை. ஒரு மாத ஆய்வில் சொத்தையை எண்ணவே முடியாது. ஃபுளோரைடு இல்லாத மூலிகைப் பற்பசையைப் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் கொடுத்து, சொத்தை குறைந்ததை எண்ணிக் காட்டிய, ஃபுளோரைடு சோதனைகளோடு ஒப்பிடத்தக்க சான்று இல்லை. ஈறுக்கான சான்றிதழைக் காட்டிச் சொத்தைக்கு வேலை கேட்பது போல் இருக்கிறது இந்த விளம்பரங்களின் கதை.

படலம் போனால் சொத்தையும் போய்விடாதா? நியாயமான கேள்வி, எங்களுக்கும் கல்லூரியில் படலம்தான் எதிரி என்றே சொல்லிக் கொடுத்தார்கள். 2018-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஃபுளோரைடு இல்லாமல் நன்றாகத் துலக்குவது மட்டும் சொத்தையைக் குறைக்கிறதா என்று பழைய சோதனைகளைத் தேடிப் பார்த்தது. கிடைத்தவை மூன்றே மூன்று. மூன்றிலும் பிள்ளைகளுக்குக் கவனமாகச் சுத்தம் செய்தும் சொத்தை குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. சிறிய சோதனைகள்தான், கடைசித் தீர்ப்பு இல்லை. ஆனாலும் நான் வேலையில் பார்த்ததோடு இது பொருந்துகிறது. கடைவாய்ப் பல்லின் மேல் உள்ள பள்ளங்களை நினைத்துப் பாருங்கள். அந்தப் பள்ளம் பிரஷின் ஒற்றை நாரைவிட ஒடுக்கமாக இருக்கும். எவ்வளவு துலக்கினாலும் நார் அடிவரை போகாது. சொத்தை அங்கேதான் ஆரம்பிக்கும். எச்சிலில் கரைந்த ஃபுளோரைடு போகிற இடத்துக்கு நார் போவதில்லை.

பாலர் வகுப்பு வயதில் இந்தப் பள்ளங்களைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆறு வயது வாக்கில் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. எந்தப் பால்பல்லும் விழாமல், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வரும். பெற்றோர் அதையும் பால்பல் என்றே நினைத்து, "விழுந்து முளைக்கிற பல்தானே மிசி" என்பார்கள். அது விழாது, மறுபடி முளைக்கவும் செய்யாது. புதிதாக முளைத்த எனாமல் இன்னும் முழுதாக முதிராதது, அமிலத்துக்கு எளிதில் கரையும். முளைத்த முதல் ஓரிரண்டு ஆண்டுகள்தான் அதற்கு மிகவும் ஆபத்தான காலம். உங்கள் மாற்றம் சரியாக அந்தக் காலத்தில் வந்து விழுகிறது.

பிள்ளையின் வாயில் என்ன நடக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். நல்ல வெளிச்சத்தில் மேலுதட்டைத் தூக்கி, முன்பற்களை ஒரு துணியால் துடைத்துக் காய விட்டுப் பாருங்கள். ஈறை ஒட்டி சுண்ணாம்பு தடவியது போல மங்கலான வெள்ளைக் கோடு தெரிந்தால், அங்கே தாதுக்கள் வெளியேறிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். இன்னும் குழி விழவில்லை. இந்தக் கட்டத்தில் தினமும் இரண்டு வேளை ஃபுளோரைடு பற்பசையும் இனிப்பில் கட்டுப்பாடும் இருந்தால், சில மாதங்களில் அந்தக் கோடு கெட்டியாகிப் பளபளப்பாவதைப் பார்க்கலாம். வெள்ளை முழுதாக மறையாமல் போகலாம், ஆனால் அழிவு நின்றுவிடும். கோடு பழுப்பாகி, மேற்பரப்பு உடைந்துவிட்டால் பற்பசையால் திருப்ப முடியாது, பல் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

இப்போது இரண்டாவது காரணம், நச்சு என்ற பயம். உங்கள் குழுவில் சுற்றிய காணொளியை ஒரு தாய் எனக்கும் அனுப்பினார். பழுப்புக் கறை படிந்த பற்கள், வளைந்த கால்களோடு பிள்ளைகள். பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கும். அதில் காட்டுவது பொய்யில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமாகக் கரைகிறது. அதைத் தலைமுறை தலைமுறையாகக் குடித்தவர்களின் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்டன. அதற்காகவேதான் காவிரி நீரைக் கொண்டுவர ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. தருமபுரித் தாய் ஃபுளோரைடைக் கண்டு பயப்படுவது சரி. அந்தப் பயம் அப்படியே கைத்தொலைபேசி வழியாகப் பட்டர்வொர்த்துக்கு வந்து சேரும்போதுதான் அளவு தொலைந்துபோகிறது.

அளவைப் போட்டுப் பார்ப்போம். உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் மேல் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள கிணற்று நீரை ஒரு பிள்ளை நாளுக்கு ஒரு லிட்டர் குடித்தால், குடிப்பதில் மட்டும் 3 மில்லிகிராம் உள்ளே போகிறது, சோறு வடிப்பதும் குழம்பு வைப்பதும் தனி. நம் பாலர் வகுப்பில் ஒரு பட்டாணி அளவு பற்பசை கால் கிராம் இருக்கும். 1000 பிபிஎம் பற்பசை என்றால் ஒரு கிராமில் ஒரு மில்லிகிராம் ஃபுளோரைடு. ஆக, ஒரு பட்டாணியில் 0.25 மில்லிகிராம். அந்தப் பிள்ளை துப்பாமல் முழுவதையும் விழுங்கினால்கூட அவ்வளவுதான். துப்பத் தெரிந்த பிள்ளை விழுங்குவது அதில் ஒரு பகுதி.

பிள்ளைகளின் அறிவுத்திறன் குறையும் என்ற செய்தியும் வந்ததே என்பீர்கள். அமெரிக்க அரசின் தேசிய நச்சியல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை அது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கும் இடங்களில் பிள்ளைகளின் அறிவுத்திறன் அளவு குறைவாக இருப்பதோடு அதற்குத் தொடர்பு உண்டு என்று மிதமான உறுதியோடு சொன்னது. அலட்சியப்படுத்த வேண்டிய அறிக்கை இல்லை. ஆனால் அது பேசிய அளவு நம் குழாய்நீரைப் போல மூன்று மடங்கு. துப்பிவிடும் பற்பசையைப் பற்றி அது பேசவில்லை.

விழுங்குவதில் உண்மையான கவலைகள் இரண்டு இருக்கின்றன, அவற்றை மறைக்க மாட்டேன். ஒன்று, நிரந்தர முன்பற்கள் ஈறுக்குள் உருவாகும் முதல் மூன்று ஆண்டுகளில் தினமும் அதிகமாக விழுங்கினால், பின்னர் முளைக்கும் பல்லில் மெல்லிய வெள்ளைத் தீற்றல்கள் வரலாம். அழகைக் கொஞ்சம் பாதிக்கும், பல்லின் வலுவைப் பாதிக்காது. அதனால்தான் மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஓர் அரிசி அளவு, அதற்கு மேல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு என்கிறோம். விளம்பரத்தில் காட்டுவது போல பிரஷின் நீளத்துக்குப் பிதுக்குவது பற்பசை விற்பவருக்குத்தான் நல்லது. இரண்டாவது கவலை, ஒரே மூச்சில் தின்றுவிடுவது. 100 கிராம் குழாயில் 100 மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் போனால் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அளவு. 18 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 90 மில்லிகிராம். ஸ்ட்ராபெரி மணக்கும் ஒரு முழுக் குழாயைப் பிழிந்து தின்றால்தான் அந்த அளவு வரும். நடப்பது அரிதுதான், ஆனாலும் குழாய் அலமாரிக்குள் பூட்டியிருக்க வேண்டும்.

மூலிகை வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மூலிகை என்று போட்ட எல்லாப் பற்பசையும் ஃபுளோரைடு இல்லாதது என்றில்லை. போன வாரம் லெபோ பாசாரில் ஒரு மளிகைக் கடையில் நின்று குழாய்களைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரத் தம்பி, "என்னம்மா, ஜாதகம் பார்க்கறீங்களா?" என்றார். பார்த்ததைச் சொல்கிறேன். பச்சை இலைப் படத்தோடு இருந்த ஒரு குழாயில், பொருள் பட்டியலில் சோடியம் மோனோஃபுளோரோபாஸ்பேட் 0.76 விழுக்காடு என்று இருந்தது. இந்தச் சேர்மத்தின் எடையில் ஏறக்குறைய 13 விழுக்காடுதான் ஃபுளோரைடு. 0.76-ஐ 0.132-ஆல் பெருக்கினால் 0.1 விழுக்காடு, அதாவது 1000 பிபிஎம். கிராம்பும் உண்டு, ஃபுளோரைடும் உண்டு. தாராளமாக வாங்கலாம். அதே அலமாரியில், அதே பச்சை நிறத்தில், அதே போன்ற இலைப் படத்தோடு இருந்த இன்னொன்றில் சுண்ணாம்புத்தூள், வேம்பு, கிராம்பு, புதினா எல்லாம் இருந்தன, ஃபுளோரைடு மட்டும் இல்லை. உங்கள் பெட்டிகளில் இருப்பதும் இந்த இரண்டாவது வகைதான் என்று அறிவிப்பே சொல்கிறது.

மூன்றாவது ஒன்று பிள்ளைகளுக்கானது, கார்ட்டூன் படம் போட்டது. ஃபுளோரைடு இருக்கிறது, ஆனால் 500 பிபிஎம். இதுதான் பெற்றோரை அதிகம் ஏமாற்றுவது. இருக்கிறதே என்று வாங்குவார்கள். காக்ரேன் அமைப்பின் பிந்தைய தொகுப்புகளில் சொத்தையைத் தடுக்கும் பயன் உறுதியாகத் தெரிந்தது 1000 பிபிஎம்மிலும் அதற்கு மேலும்தான். 500 வாக்கில் உள்ளவற்றுக்கு அந்த உறுதி கிடைக்கவில்லை. குறைந்த ஃபுளோரைடு பற்பசையை நிறையப் போடுவதைவிட, 1000 பிபிஎம் பற்பசையைப் பட்டாணி அளவு போடுவதே நல்லது. சோடியம் ஃபுளோரைடு என்று எழுதியிருந்தால் கணக்கு வேறு. அதில் 0.22 விழுக்காடு இருந்தால் 1000 பிபிஎம், 0.32 இருந்தால் 1450. ஆசியான் நாடுகளின் அழகுசாதன விதிகளில் மேல் வரம்பு 1500, ஆகவே கடையில் சட்டப்படி விற்பது அதைத் தாண்டாது. காலாவதித் தேதியையும் பாருங்கள். சுண்ணாம்புத்தூள் கலந்த பற்பசையில் நாள் ஆக ஆக ஃபுளோரைடின் ஒரு பகுதி கால்சியத்தோடு கட்டிப்போய்ப் பல்லுக்குப் பயன்படாமல் போகும். மலிவு விலையில் கிடைக்கிறது என்று பழைய சரக்கை மொத்தமாக வாங்கிவிடாதீர்கள்.

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னாராம். என் பாட்டியும் தோட்டத்தில் வேப்பங்குச்சியால்தான் துலக்கினார், பல்லும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் காலத்தில் பிள்ளைகளுக்குக் கெட்டிப்பால் போட்ட மைலோவும், இடைவேளைக்கு ஒரு பொட்டலம் இனிப்பும், மாலையில் வண்டியில் வரும் ஐஸ்கிரீமும் கிடையாது. இப்போது நம் பிள்ளையின் வாயில் ஒரு நாளில் எத்தனை முறை பிஎச் இறங்குகிறது என்று எண்ணினால் குச்சியின் மேல் பழிபோட மாட்டோம், அதையே நம்பி இருக்கவும் மாட்டோம்.

நடைமுறைக்கு வருகிறேன். பாலர் வகுப்பில் ஆசிரியை குழாயை எல்லாப் பிள்ளைகளின் பிரஷிலும் தொட்டுப் பிதுக்கக் கூடாது, ஒருவர் வாயிலுள்ளது இன்னொருவருக்குப் போகும். சுத்தமான ஒரு தட்டின் ஓரத்தில் பிள்ளைக்கு ஒன்றாகப் பட்டாணிப் பொட்டுகள் வைத்துவிட்டால், ஒவ்வொரு பிள்ளையும் தன் பிரஷால் ஒரு பொட்டை எடுத்துக்கொள்ளும். பிரஷ்களைத் தலை மேலே இருக்கும்படி, ஒன்றோடொன்று உரசாமல் நிறுத்திக் காய வையுங்கள், மூடிபோட்ட டப்பாவில் அடைக்காதீர்கள். துலக்கி முடித்ததும் துப்பச் சொல்லுங்கள், கோப்பை நிறையத் தண்ணீர் எடுத்துக் கொப்பளிக்கச் சொல்லாதீர்கள். நம்மவர்களுக்கு இது கஷ்டமாகத்தான் இருக்கும், கொப்பளித்தால்தான் வாய் சுத்தமானதாகத் தோன்றும். ஆனால் அந்தக் கோப்பைத் தண்ணீர், வாயில் தங்கி வேலை செய்ய வேண்டிய ஃபுளோரைடைக் கழுவிக்கொண்டு போய்விடும். நுரையைத் துப்பிவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டால் போதும்.

பள்ளியில் துலக்குவது ஒரு வேளைதான். பெரிய வேளை இரவு. தூங்கும்போது எச்சில் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடும், அமிலத்தைத் தணிக்க ஆள் இல்லாத நேரம் அது. இரவு துலக்கியபின் தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம் என்று பெற்றோருக்கு அனுப்பும் அறிவிப்பில் ஒரு வரி சேருங்கள். ஏழு வயது வரையாவது பெரியவர்கள் யாராவது பிள்ளையின் பின்னால் நின்று துலக்கிவிட வேண்டும். பிள்ளை தானாகத் துலக்கினால் முன்பல்லையே தேய்த்துக்கொண்டிருக்கும், அந்தப் புதிய கடைவாய்ப் பல் வரை கை போகாது.

ஃபுளோரைடு வேண்டவே வேண்டாம் என்று உறுதியாக இருக்கும் பெற்றோரும் இருப்பார்கள், அது அவர்கள் உரிமை. அவர்கள் பிள்ளைகளுக்கு அவர்களே தேர்ந்த பற்பசையை அனுப்பட்டும். அவர்களில் சிலர் ஹைட்ராக்சிஅபடைட் கலந்த பற்பசை பற்றிக் கேட்கிறார்கள். அது மூலிகை இல்லை, பல்லின் தாதுவையே செயற்கையாகச் செய்தது. சில சோதனைகளில் நம்பிக்கை தரும் முடிவுகள் வந்திருக்கின்றன, ஆனால் ஃபுளோரைடுக்கு உள்ள சான்றோடு ஒப்பிட அது இன்னும் வெகு தூரம் போக வேண்டும். எதுவானாலும் ஒரு சில குடும்பங்களின் விருப்பம் வேறு, ஒரு பள்ளி எல்லாப் பிள்ளைகளுக்கும் எடுக்கும் முடிவு வேறு. வீட்டில் பற்பசை ஒழுங்காக வாங்காத, பள்ளியில் கிடைக்கும் அந்த ஒரு பட்டாணியையே நம்பியிருக்கும் பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். யார் என்று ஆசிரியைகளுக்குத் தெரியும்.

அதனால் என் கோரிக்கை இது. அடுத்த செயலவைக் கூட்டத்தில் இந்த முடிவை மறுபடி எடுத்துப் பேசுங்கள். பாலர் வகுப்புக்கு 1000 பிபிஎம்முக்குக் குறையாத ஃபுளோரைடு உள்ள பற்பசை என்று தீர்மானத்தில் எண்ணோடு எழுதுங்கள், அது மூலிகை கலந்ததாகவே இருந்தாலும் சரி. வெறுமனே "தரமான பற்பசை" என்று எழுதினால் அடுத்த ஆண்டு வாங்குபவர் மறுபடி இலைப் படத்தைப் பார்த்து வாங்குவார். வட்டாரப் பல் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும் நாளில் பெற்றோர் சிலரையும் அழைத்து அவர்களிடமே கேள்வி கேட்க விடுங்கள். என்னைக் கூப்பிட்டாலும் வருகிறேன், லெபோ பாசாரில் வாங்கிய மூன்று குழாய்களையும் எடுத்துக்கொண்டு.

வாங்கிய பெட்டிகளைத் தூக்கி எறிய வேண்டாம், அது சங்கத்தின் பணம். கடைக்காரர் மாற்றிக் கொடுப்பாரா என்று முதலில் கேளுங்கள், திறக்காத பெட்டி என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். முடியாவிட்டால், காலையும் இரவும் ஃபுளோரைடு பற்பசை பயன்படுத்தும் பெரியவர்கள் மதிய வேளைக்கு எடுத்துக்கொள்ளட்டும். பொருளாளர் ரசீதைத் தயாராக வைத்திருந்தால் திங்கட்கிழமையே கடைக்குப் போகலாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு பள்ளிப் பல் தாதி
பினாங்கு